பிஸ்கட் ஜாடிக்குள் பெய்த மழை

மழையில் நனைந்த வெங்காயச் சாக்கைப் பிரித்தால் ஒரு வாடை வரும். மூக்கின் பின்புறம் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. நேற்று மார்க்கெட்டில் யாரோ ஒரு சாக்கை உதறினார்கள். நான் நடுச்சந்தையில் நின்றபடி எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். டி.வி.க்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில், வேர்த்து வழிந்துகொண்டு ஒரு கண்ணாடி ஜாடி நிற்கிறது. என் மனைவி அதன் மூடியைத் திறக்கிறாள். அதே வாடை.

அந்த ஜாடிக்கு இரண்டு வாரம் முன்னால் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு நடந்தது. என் மனைவி தாவரவியல் எடுப்பவள். அவளுக்கு எதிர் மேசை கெமிஸ்ட்ரி டீச்சர், ஓய்வு பெறப் போகிறவர். கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். அவர் கையில் செடி தங்காது என்பது பள்ளிக்கூடம் அறிந்த விஷயம். மணிபிளான்ட்டைக் கொன்றவர். கற்றாழையைக் கொன்றவர். ஒருமுறை பிளாஸ்டிக் பூச்செடியைக் கழுவி வெயிலில் காயவைத்து, அதையும் வெளுத்துச் சாகடித்தார்.

"நா ஒரு தோட்டம் தாரேன் டீச்சர். மூடி போட்ட தோட்டம். நீங்க தண்ணி ஊத்த வேணாம், ஒண்ணும் செய்ய வேணாம். அது பாட்டுக்கு இருக்கும்" என்றாளாம் இவள்.

"மூடி வெச்சா ஊறுகாதான் டீச்சர் வரும்."

"உங்களால அதக் கொல்ல முடியாது. பந்தயம்."

ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சிரித்ததாம். பிரிவுபசார விழா அன்று எல்லார் முன்னாலும் ஜாடியைக் கொடுப்பதாக முடிவு. இருபது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளின் மானம், அன்றிலிருந்து ஒரு ஜாடிக்குள் போய் உட்கார்ந்தது.

பேகம்பூரில் கடையை மாற்றிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் ஒருவரிடம் பழைய பிஸ்கட் ஜாடி கிடைத்தது. வாய் அகலம், கண்ணாடி மூடி, உள்ளே கை போகும். அடியில் இரண்டு விரல் உயரம் கூழாங்கல். மேலே கொசுவலைத் துண்டு, மண் கல்லுக்குள் இறங்காமல் இருக்க. அதற்கு மேல் கொஞ்சம் அடுப்புக்கரி, பிறகு தேங்காய்நார்த் தூளும் மணலும் கலந்த மண். செடிகளை நர்சரியில் அவளே பார்த்துப் பார்த்து எடுத்தாள்: இலையில் வெள்ளை நரம்போடும் ஃபிட்டோனியா ஒன்று, விரல் நீளப் பெரணி இரண்டு. ஈரத்தில் சுகப்படுகிற, நிழலில் கோபித்துக்கொள்ளாத, சீக்கிரம் வளர்ந்து மூடியை முட்டாத ஜாதி. ஆத்தூரில் விவசாயம் பார்க்கும் அவள் அண்ணன், கிணற்றுச் சுவரிலிருந்து பாசியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அழகுக்கு ஒரு வேர்க்கட்டை. அளந்து நாலு ஸ்பூன் தண்ணீர். மூடி.

"இலையிலேருந்து ஆவி போகும், கண்ணாடியில தண்ணியா நிக்கும், மண்ணுக்கே திரும்ப வந்துரும்" என்று எனக்குச் சொன்னாள். "தனியா ஒரு ஊரு இது. மழையும் அதுக்குள்ளயே."

எங்கள் ஊரில் மழை என்றால் வானத்தைப் பார்த்துக் கெஞ்சுகிற விஷயம். கூடத்து மேசையில் கெஞ்சாமல் பெய்யும் ஒரு மழையை நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அன்று மூடி போடப் போகும்போதுதான் மச்சான், அதாவது அவள் அண்ணன், துளசியை எடுத்தார். வேட்டி மடிப்பில் வைத்திருந்தார், ஒரு சாண் கன்று.

"நல்ல காரியத்துக்குக் குடுக்குற. துளசி இல்லாம எப்படி புள்ள?"

"அண்ணே, அதுக்கு வெயிலு வேணும், காத்து வேணும். மூடிக்குள்ள அழுகிப்போயிரும்."

"அழுகுற துளசிய நா பாத்ததே இல்ல."

துளசி விஷயத்தில் அண்ணனிடம் தாவரவியல் செல்லவில்லை. நட்டாள். எனக்கும் அது மூலையில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குப் பிறகு ஜாடியில் தோட்டத்தைக் காணவில்லை. வெள்ளையாகப் பனி. காலையிலும் பனி, மத்தியானமும் பனி. மூடியைத் திறந்ததும் அந்தச் சாக்கு வாடை. துளசித் தண்டு கறுத்து, மேலே பஞ்சு மிட்டாய் சுற்றினாற்போலப் பூஞ்சை. வேர்க்கட்டையிலும் தாடி முளைத்திருந்தது. விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

"காத்தாடட்டும்" என்று இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாள். தெளிந்தது. மூடினாள். மறுநாள் மறுபடியும் பனி. மூன்றாம் நாள் ஜாடியைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். கூழாங்கல் எல்லாம் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது.

"நாலு ஸ்பூன்தான் ஊத்துனேன்" என்றாள், கல்லைப் பார்த்தபடி. "இது எங்கேருந்து வந்துச்சு?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அந்த இஸ்திரி போட வெச்சிருந்த ஸ்ப்ரே பாட்டில் எங்க?"

என் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. சொல்லிவிட்டேன். தினமும் காலையில் அவள் பள்ளிக்கூடம் போனதும் மூடியைத் திறந்து பத்து முறை அடிப்பேன். மூடுவேன். ஜன்னல் வெயிலில் நகர்த்தி வைப்பேன். அரை மணியில் கண்ணாடிக்குள் மேகம் இறங்கும். மொட்டைமாடியிலிருந்து மார்கழிக் காலையில் சிறுமலை தெரியும் அல்லவா, பாதி மலையை யாரோ அழித்துவிட்டது போல, அப்படியே இருக்கும். அது மத்தியானத்துக்குள் கலைந்துவிடக் கூடாதே என்று இன்னும் பத்து அடி.

"ஒங்களுக்கு மேகம் பாக்கணும்னா கொடைக்கானலு பஸ் ஏறுங்க" என்றாள். "மூடுன கண்ணாடி வெயில்ல நின்னா உள்ள அவியும். நீங்க தோட்டம் பாக்கல, இட்லி ஊத்திருக்கீக."

ஆனால் அவள் மூக்கு இன்னும் சமாதானமாகவில்லை. குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தாள். "தண்ணி மட்டும் இப்படி நாறாது."

சனிக்கிழமை கத்திரிக்காய்ப் பையோடு மச்சான் வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஜாடியிடம் போனார்.

"என்ன புள்ள, இன்னும் வேகம் புடிக்கலயே. போன தடவ அம்புட்டு நல்லாக் குடுத்தேனே."

என் மனைவி கத்திரிக்காய்ப் பையைக் கீழே வைத்தாள்.

"என்னத்தக் குடுத்தீக?"

"பஞ்சகவ்யாதான். பாட்டில் மூடியில அரை மூடி."

சாணம், கோமியம், பால், தயிர், நெய், அதோடு வெல்லமும் வாழைப்பழமும் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்த கரைசல். அவர் தோட்டத்தில் தென்னை முதல் மல்லிகை வரை அதைக் குடித்துத்தான் நிற்கிறது. ஏக்கருக்குத் தண்ணீரில் கலந்து விடுகிறதை, மூடி போட்ட பிஸ்கட் ஜாடிக்குக் கலக்காமல் ஊட்டியிருக்கிறார்.

"பூஞ்சைக்கு விருந்து வெச்சிருக்கீக அண்ணே" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "மூணு பேரு கைய வெச்ச தோட்டம். நா ஊரு பூரா ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

மச்சானுக்குத் தங்கச்சி கண் கலங்கினால் தாங்காது. சட்டைக் கையை மடித்தார். "இப்ப என்ன, தண்ணிய எடுக்கணும். அம்புட்டுத்தான? மீன் தொட்டி டியூப்பு இருக்கா?"

"சிரிஞ்ச் இருக்குண்ணே, மாட்டி மெதுவா இழுத்துருவோம்."

"மோட்டாருக்கு டீசல் உறிஞ்சுற ஆளு நானு. சிரிஞ்ச் எதுக்கு."

மண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே டியூப்பைக் கல் வரை இறக்கினார். மறுமுனையை வாயில் வைத்து ஒரே இழுப்பு. மச்சானின் முகத்தில் சாணம், கோமியம், பால், தயிர், நெய் என்று ஐந்தும் ஒவ்வொன்றாக வந்து போனதை நான் பார்த்தேன். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாசலுக்கு ஓடினார். டியூப் பாட்டுக்குக் கீழே வைத்த வாளியில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இத எப்படி மாப்ள குடிச்சுச்சு அது" என்றார் திரும்பி வந்து, வாயைத் துடைத்தபடி. "பாவம், செடி."

என் மனைவி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

பிறகு வேலை அவள் கையில். அழுகிய துளசியை வேரோடு எடுத்தாள். பஞ்சகவ்யா இறங்கிய மேல்மண்ணைக் கரண்டியால் வழித்து, காய்ந்த நார்த்தூள் போட்டாள். வேர்க்கட்டையை வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்தாள். பழுத்த இலைகளைக் கிள்ளினாள். குச்சியில் துணி சுற்றிக் கண்ணாடியைத் துடைத்தாள். பாசிக்குள் ஏதோ வெள்ளையாகத் துள்ளியது. மச்சான் வேப்பெண்ணெய் கொண்டு வரட்டுமா என்றார்.

"அதக் கொல்லாதீங்க. கிணத்துப் பாசியோட வந்த பூச்சி. பூஞ்சையத் தின்னுட்டுப் போகும். இந்த வீட்டுல தன் வேலைய மட்டும் பாக்குற ஒரே ஆளு அதுதான்."

ஜாடி ஜன்னலை விட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான அலமாரிக்குப் போனது. நாலு நாள், பகலில் சில மணி நேரம் திறந்து வைத்தாள். ஐந்தாம் நாள் மூடி, மூடிக்கும் ஜாடிக்கும் குறுக்கே காகித நாடா ஒட்டி, பரீட்சை விடைத்தாள் கட்டுக்குப் போடுகிறாற்போலச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டாள். தேதியும் நேரமும் எழுதினாள்.

அந்த ஐந்து நாள் எனக்கு எப்படிப் போனது என்று கேட்கக் கூடாது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தடவை அலமாரி வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மட்டும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் செய்யாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது இவ்வளவு உடம்பு நோகும் வேலை என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

விழா அன்று காலை ஆறு மணிக்கு ஜாடி முழுக்கப் பனி.

"நா தொடல" என்றேன், யாரும் கேட்காமலேயே.

"தெரியும். நாடா இருக்குல்ல" என்றாள். காபியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "காலையில குளுந்த கண்ணாடியில பனி இருக்கும். செத்த நேரம் பொறுங்க. பத்து மணிக்கும் அப்படியே இருந்தாத்தான் தண்ணி அதிகம்."

பத்து மணி வரை அவள் வீட்டில் இருக்க முடியாதே. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். பத்தே கால் இருக்கும், போனில் ஒரு படம் வந்தது. ஸ்டாஃப் ரூம் மேசை. கண்ணாடியில் ஒரு பக்கம் மட்டும் நாலைந்து துளி. உள்ளே ஃபிட்டோனியா நரம்பு நரம்பாகத் தெரிந்தது. நான் அந்தப் படத்தை மச்சானுக்கு அனுப்பினேன். அவர் ஒரு மாட்டின் படத்தைத் திருப்பி அனுப்பினார். என்ன அர்த்தம் என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கெமிஸ்ட்ரி டீச்சரை வழியனுப்பப் போனோம். பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டு, ஜாடியை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "உள்ள மீனு இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார் கண்டக்டர். சிவப்புக் கையெழுத்துப் போட்ட நாடா இன்னும் பிரியாமல் இருந்தது.

"அந்தப் பக்கம் வெயிலு வந்தா முந்தானையால மறச்சுக்கங்க டீச்சர்" என்று ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னாள் என் மனைவி. "அங்க போயி நாளு பூரா பனியாவே இருந்துச்சுன்னா ரெண்டு மணி நேரம் தொறந்து வெய்ங்க. பழுத்த எல இருந்தா எடுத்துருங்க. மத்தபடி ஒண்ணும் செய்யாதீங்க."

பஸ் உறுமியது. டீச்சர் ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடமாக மணியடித்ததும் எழுந்து போன மனுஷி.

"ஒண்ணுமே செய்யாம எப்படி டீச்சர் இருக்குறது?" என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பஸ் நகர, அதனோடு நாலடி நடந்தாள்.

"வாரத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து மோந்து பாருங்க டீச்சர். மண்ணு வாசன வந்தா மூடிருங்க."