வெந்நீரில் வைத்த ரத்தப் பை

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் நான் லேப் டெக்னீஷியன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ரத்தம் வாங்க வருபவர்கள் கேட்டதையே திரும்பக் கேட்டால் எரிந்து விழுவேன். அதனால் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை மூங்கில்துறைப்பட்டு முகாமிலிருந்து ரத்தம் வந்தது. மெஷினில் சுழற்றி ஒவ்வொரு பையையும் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்தோம். சிவப்பணு ஃபிரிட்ஜில் நாற்பத்திரண்டு நாள் தாங்கும். பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் ஐந்து நாள்தான். பிளாஸ்மா உறைந்து கிடந்தால் ஒரு வருஷம். ஆனால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, மலேரியா போன்ற சோதனைகள் முடியாமல் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது.

பதினோரு மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து அவசரச் சீட்டு வந்தது. மலைமேல் கரியாலூர்ப் பக்கத்துப் பெண். பிள்ளை பிறந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. ஓ பாசிட்டிவ். சோதனை முடிந்த ஓ பை ஒன்றே ஒன்று இருந்தது. அவள் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து, வாங்க வந்த புருஷன் கையில் கொடுத்தேன்.

"சீக்கிரம் எட்துக்கினு போங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வார்டு வாசலில் அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். பை சில்லென்று இருந்திருக்கிறது. மலையில் பிள்ளை பெற்றவளுக்குக் குடிக்கிற தண்ணீர்கூடச் சூடாகத்தான் கொடுப்பார்கள். மனைவிக்கென்று டீக்கடையில் வாங்கி வைத்திருந்த வெந்நீரைத் தூக்குவாளியில் ஊற்றி, பையை அதில் முக்கியிருக்கிறார்.

நர்ஸ் அந்தப் பையை என்னிடம் ஓடி எடுத்துவந்தபோது அது கறுத்துப்போயிருந்தது. சூட்டில் அணுக்கள் உடைந்துவிட்டன. அதை ஏற்றினால் அதுவே ஆளைக் கொல்லும்.

காலையில் வந்த ஓ பைகள் மூன்று கண்ணெதிரே இருந்தன. சோதனை முடிய இன்னும் ஒரு மணி நேரம். விழுப்புரம் ரத்த வங்கிக்குப் போன் போட்டோம், அங்கிருந்து பையோடு வண்டி கிளம்பியது. டாக்டர் மறுபடி மறுபடி அழைத்தார். சோதனை மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்ட யாருமில்லை, என்னைத் தவிர.

மூன்றும் சுத்தம் என்று வந்தது. ஒன்றைப் பொருத்திப் பார்த்து, நானே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். நர்ஸ் படியிலேயே கையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லாம் முடிந்துவிட்டது, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவர் வாசலில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பயந்து பயந்து கேட்டார்.

"நான் சூடு பண்ணது பத்தலீங்களா மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

சூடு பண்ணாதீங்க என்று முன்னாலேயே சொல்ல இந்தப் பதிலைவிடக் குறைந்த நேரம்தான் ஆகியிருக்கும்.