ஆறாவது குடுவை

யுத்த காலத்தில், முந்தலுக்கு அருகிலிருந்த மாத்திரைத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர். அகதி முகாம்களுக்குப் போகவேண்டிய காய்ச்சல் மாத்திரைகளில் ஆறை, உடற்சூட்டில் வைத்த கரைசல் நிரப்பிய ஆறு குடுவைகளில் போட்டுச் சுழலவிட்டேன். அரை மணித்தியாலத்தில் ஒவ்வொன்றிலும் எண்பத்தைந்து வீத மருந்தாவது கரைந்திருக்க வேண்டும். ஐந்து தேறின, ஆறாவது எழுபத்தெட்டு.

"ஒண்டுதானே, லொறி நிக்குது, சைன் வைங்க," என்றார் உற்பத்தி மேற்பார்வையாளர். அண்ணன் முறையில் நாங்கள் அவரை 'நானா' என்போம்.

எனக்குக் கோபம் ஏறியது. "அந்த ஒண்டைத்தான் ஒரு பிள்ளை விழுங்கும்."

விதிப்படி இன்னும் ஆறு போட்டேன். இப்போது பன்னிரண்டின் சராசரி எண்பதுக்குக் குறையக்கூடாது. எதுவும் அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கக்கூடாது. சராசரி தொண்ணூறு வந்தது. மிகக் குறைந்தது அதே எழுபத்தெட்டுத்தான். பெருமூச்சோடு ஒப்பமிட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! தலை வெடிக்குது, அதில ரெண்டு தாங்க," என்றார் நானா.

"பன்னிரண்டும் கரைஞ்சு போச்சு, நானா."