குடை வராத முதல் பாகம்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரிக்காதவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம். ஆராதனையில் தூங்கினால்கூட மன்னிப்பு உண்டு. ரேடியோ நாடகத்துக்குச் சிரிக்காவிட்டால் கிடையாது.

எழுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடியில் ரேடியோ முள்ளைத் திருப்பினால் சென்னைக்கு முன்னால் சிலோன்தான் அகப்படும். அங்கிருந்து வாராவாரம் ஒரு வேடிக்கை நாடகம் வந்தது. கொழும்பில் ஒரு வீடு; கஞ்ச வீட்டுக்காரர், காது கேட்டும் கேட்காத மனைவி, மாடியில் குடியிருப்பவர்கள். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே ஆரம்பித்து, முடிகிற உத்தேசமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வீட்டில் ஒரு குறை சொன்னால் போதும், வீட்டுக்காரர் “என்ர குடை எங்கை?” என்று கேட்டபடி வெளியே நழுவிவிடுவார். அவ்வளவுதான். நாங்கள் உருண்டு புரள்வோம்.

சித்தப்பா பக்கத்து ஊரான நாசரேத்தில் பெண் கட்டினார். சித்தி வந்த மறுநாளே, “குளிக்கிற ரூம்ல தாழ்ப்பாள் விழ மாட்டேங்கே” என்றாள். அப்பா சுற்றுமுற்றும் பார்த்து, “என்ர குடை எங்கை?” என்றார். வீடே அதிர்ந்தது. சித்தி மட்டும் வெளிறிப்போனாள். அவளுடைய அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். வெயிலோ மழையோ குடையில்லாமல் தெருவில் இறங்காதவர். கல்யாணத்தன்று கோயிலுக்குள்ளும் அதைக் கையிடுக்கிலேயே வைத்திருந்தார். இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அதன்பின் குடைப் பேச்சு எழும்போதெல்லாம் சித்தி அடுக்களைக்குள் போய்விடுவாள். அத்தை என்னை ஏவினாள்: “ஏளா, ரேடியோ போடையில உங்க சித்தி சிரிக்காளான்னு பாத்துட்டு வா. மெத்தப் படிச்சவ, நம்மள எளக்காரமா நெனைக்கா.” நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். சித்தி சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளை அடுக்கத் தொடங்கினாள். சித்தப்பா பதறிக் கேட்டதும் வெடித்தாள்: “எங்கப்பா குடைய வச்சு எத்தன நாளைக்கி கேலி பண்ணுவீங்க?”

“ஐயோ, அது நாடகத்துல வாரது!”

துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய டேப் ரிக்கார்டரில் நாடகத்தை ஆரம்பத்திலிருந்தே பிடித்து வைத்திருந்தார். தகரப்பெட்டி நிறையக் கேசட். அவர் ஒழுங்குக்காரர், பைபிளில் முதலில் வரும் ஆதியாகமத்தை விட்டுவிட்டு அடுத்த யாத்திராகமம் படிக்காத ஜாதி. ஆகவே முதல் கேசட்டைப் போட்டார்.

வீட்டுக்காரர் அதில் ஒரு பிரசங்கியாராக இருந்தார். குடியிருப்பவர்களுக்கு நீளமாகப் புத்தி சொன்னார். மனைவிக்கு வேறு யாரோ குரல் கொடுத்திருந்தார்கள். காதும் நன்றாகக் கேட்டது. எழுதியவருக்கே இவர்களெல்லாம் யாரென்று இன்னும் பிடிபடவில்லை போலும். குடை வரவேயில்லை.

“எங்க குடை?” என்றாள் சித்தி.

“பொறு, போகப் போக வரும்.”

அடுத்த கேசட்டிலும் வரவில்லை. சித்தி எழுந்து போய் டிரங்குப் பெட்டியை மூடினாள். “சாயங்கால வண்டிக்கி போறேன்.”

“எல்லாத்தையும் கேட்டாத்தாம்ளா புரியும்” என்று சித்தப்பா தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் அதில் கால்வாசிகூட ஓடாது.

“நான் இதெல்லாம் கேட்டதே இல்லியே” என்றேன் நான். சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. “கண்டியிலருந்து மாடிக்கி புதுசா ஒருத்தன் வருவாம்லா, அதுலருந்துதான் கேக்கேன். எனக்குப் புரியுதே.”

சித்தி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். வேவுக்காரி சொல்லை யார் நம்புவார்? ஆனாலும் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றவில்லை.

பெட்டியின் நடுவிலிருந்து அந்தக் கேசட் வந்தது. புதியவன் பையோடு வந்து நிற்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனவே அவனுக்குச் சொல்வதெல்லாம் நமக்கும் சொன்னதாகிவிடுகிறது. கூரை ஒழுகுகிறது என்கிறான். “என்ர குடை எங்கை?” வீட்டுக்காரர் படியிறங்குகிறார். முன்கதை எதுவும் தேவைப்படவில்லை. வாராவாரம் குழப்பம் தீர்ந்து எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிற வீடு அது. ஆட்களின் குணம் பிடிபட்டால் போதும், கதை பிடிபட்டுவிடும்.

சித்தி களுக்கென்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்லவை நாலைந்து கேட்டாள். அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்னால் சிரித்தாள். “அதுக்குள்ள எப்படிளா படிச்சா?” என்று அத்தைக்கு அதிலும் சந்தேகம்.

எனக்கிருந்த சந்தேகம் வேறு. தனியாக இருக்கும்போது சித்தி அந்தப் புதியவன் கேசட்டையே போடுவாள். குடை இடத்தைத் தாண்டி ஓடவிடுவாள். வீட்டுக்காரி அவனை உட்காரவைத்து, “இந்தப் படி ஆடும், பாத்து மிதியும் தம்பி. அவர் குடையைத் தேடினா, அது உம்மைச் சொல்லுறதில்லை” என்று சொல்லுமிடம் வந்ததும் நிறுத்தி, நாடாவைப் பின்னால் சுற்றி, மறுபடி கேட்பாள். அந்த இடத்தில் ஒரு வேடிக்கையும் கிடையாது.

நான் அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: “சித்திக்கி இன்னும் எங்க சிரிக்கணும்னே தெரியல.”