சார் வாய் எங்கே?

வெண்மதியிடம் எதைக் கொடுத்தாலும் "இது ஏன் இப்படி இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். செம்மண்டலத்தில் நான் வரலாறு நடத்தும் அரசுத் தேர்வுப் பயிற்சி மையத்தில், வகுப்பு வீடியோக்களை எடிட் செய்து ஏற்றுவது அவள் வேலை.

கணக்கு எடுக்கும் சடையப்பன் பொடிப்பொடியாக எழுதுவார். கேமராவோ பின்சுவரில். போனில் பார்ப்பவர்கள், போர்டில் இருப்பது எண்ணா எறும்பா என்று கேட்டார்கள். வெண்மதி போர்டு இருக்கும் பகுதியை மட்டும் கட்டம் கட்டி வெட்டி, திரை நிறையப் பெரிதாக்கினாள். எழுத்து பெரிதானது, கூடவே மங்கியும் போனது. விடுவாளா அவள்? கேமராவை நோண்டி 4கே-யில் பதிவுசெய்ய வைத்தாள்.

"நாம ஏத்துற வீடியோவவிட இதுல அகலமும் ரெண்டு மடங்கு, உயரமும் ரெண்டு மடங்கு சார். பாதிக்குப் பாதி வெட்டுனாலும் மங்காது. அதுக்கு மேல வெட்டுனாதான் வம்பு."

போர்டு பளிச்சென்று வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நான்காம் நாள், கிள்ளை என்ற ஊரில் வீடியோ பார்த்தே படிக்கும் இலக்கியா என்ற பெண் வெண்மதிக்குச் செய்தி அனுப்பினாள்.

"போர்டு சூப்பர்க்கா. ஆனா சார் வாய் எங்க? எனக்குக் காது கேக்காது. வாயப் பாத்துதான் புரிஞ்சுக்குவேன். முன்னாடி போனை மூஞ்சிகிட்ட வெச்சாவது பாப்பேன். இப்ப அவரே இல்ல. போன தடவ குரூப் ஃபோர்ல கணக்குலதான் போச்சு. இந்தத் தடவயும் விட்டுட்டா வீட்ல படிக்க விடமாட்டாங்க."

வெண்மதிக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே அதே பதிவை இன்னொரு அடுக்காகப் போட்டு, போர்டுக்குப் பக்கத்தில் சடையப்பன் நிற்கும் இடத்தை வெட்டி, ஒரு மூலையில் சின்னக் கட்டமாக வைத்தாள். ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு என்னையும் சடையப்பனையும் கூப்பிட்டாள்.

கட்டத்துக்குள் பெரும்பாலும் சடையப்பனின் பின்மண்டைதான் இருந்தது. மனிதர் எழுதிக்கொண்டே போர்டிடம் பேசுகிறார்! பல வருஷமாகப் பக்கத்து வகுப்பில் இருந்தும் நான் இதைக் கவனித்ததில்லை.

"அடப்பாவமே, எனக்கு இவ்ளோ வழுக்கையா?" என்றார் அவர்.

நான் சிரித்தேன். வெண்மதி சிரிக்கவில்லை. "இல்லாதத வெட்டி எடுக்க முடியாது சார்," என்று சொல்லி, இலக்கியாவின் செய்தியைக் காட்டினாள். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

மறுநாள் வகுப்பில் இலக்கியா விஷயத்தைச் சொல்லிவிட்டு, எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசத் தொடங்கினார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அவர் முகத்தைப் படமெடுக்கவென்று முன்வரிசையில் ஒரு போனையும் வைத்திருந்தாள் வெண்மதி. வட்டிக் கணக்கு வந்தபோது பழக்கதோஷம், மறுபடி போர்டிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கிள்ளைப் பெண்ணை ஒருநாளும் பார்த்திராத வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது:

"சார், இலக்கியா!"