திறக்காததை நான் சோதிக்கவில்லை

எனக்குக் கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. கணினி பழுது பார்ப்பது, வயர் இழுத்து நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என்று கோயம்புத்தூரில் பல வருடமாகப் பிழைப்பு நடத்துகிறவன் நான். யாராவது சந்தேகம் கேட்டால் யோசிப்பதற்கு முன்பே "அதெல்லாம் பக்காவா இருக்குங்க" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால்தான் அடுத்த வேலைக்கும் கூப்பிடுவார்கள். ஈரோட்டில் ஒரு நிறுவனத்தில் சொன்ன ஒரே ஒரு "பக்கா"வை நினைத்தால் இப்போதும் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

பெட்ஷீட்டும் துண்டும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற நிறுவனம் அது. அலுவலகத்தில் பதினெட்டு கணினிகள். பூவும் கொடியும் கட்டமுமாகத் தறிக்கான டிசைன் போடுகிற அறை மாடியில். டிசைன் கோப்புகள் எல்லாம் முதலாளி அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு கணினியில் இருக்கும். மற்றவர்கள் நெட்வொர்க் வழியாக அந்த ஃபோல்டரைத் திறந்து வேலை செய்வார்கள். அந்தத் தொழிலில் டிசைன் வெளியே போனால் ஒரு சீசனே போனமாதிரி. அதனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, அந்த ஃபோல்டரு மூணு சிஸ்டத்துல மட்டும் தொறந்தாப் போதுமுங்க. என்னோடது, மச்சானோடது, டிசைன் போடற அம்மணியோடது. வேற ஒருத்தரும் எட்டிப் பாக்கக் கூடாதுங்க" என்றார்.

ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துச் செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் எங்கள் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கணினியிலும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்டு. யாராவது லீவு போட்டால் வேலை நிற்கக் கூடாது என்பார்கள். அந்த வழக்கத்தை மாற்ற முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. "அட்ரஸ் வெச்சே பூட்டிரலாமுங்க" என்றேன்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி இருக்கும். விண்டோஸில் ஃபயர்வால் என்று ஒரு காவலாளி உண்டு. எந்த முகவரியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாம் என்று அதற்கு விதி எழுதிக் கொடுக்கலாம். அந்த மூன்று கணினிகளுக்கும் மாறாத முகவரி கொடுத்தேன். கோப்புகள் இருந்த கணினியில் கட்டளை அடிக்கிற பவர்ஷெல் திரையைத் திறந்து, New-NetFirewallRule என்ற கட்டளையால் புதிதாக ஒரு விதி எழுதினேன். உள்ளே வருகிற இணைப்பு, கோப்புப் பகிர்வு நடக்கிற போர்ட் 445, RemoteAddress என்ற இடத்தில் அந்த மூன்று முகவரிகள், அனுமதி. எண்டர் தட்டினேன். பிழை என்று சிவப்பில் ஓர் எழுத்துகூட வரவில்லை. மூன்று கணினிகளிலும் ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். மூன்றிலும் திறந்தது. முதலாளி காபி வாங்கித் தந்தார்.

நான்காவது கணினியில் போய்த் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தொழிலில் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். செய்யக் கூடாதது செய்யாமல் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? வாடிக்கையாளர் முன்னால் திறந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம்.

ஏழெட்டு மாதம் கழித்து, இன்னும் தறியில் ஏற்றாத ஒரு டிசைன் அப்படியே வேறொரு வியாபாரியின் சாம்பிளில் வந்துவிட்டது. முதலாளி என்னை வரச் சொன்னார். அவர் அறையில் மச்சானும் இருந்தார். டிசைன் போடுகிற அந்தப் பெண்ணும் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். தினமும் சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அந்த நிறுவனத்தின் நல்ல டிசைன்களில் பாதி அவள் கைவேலை.

"அந்த ஃபோல்டர ஆரெல்லாம் தொறக்க முடியுமுங்க?" என்று முதலாளி கேட்டார்.

"மூணே சிஸ்டம்தானுங்க. வேற எதுலயும் தொறக்காதுங்க. பக்காவா பூட்டியிருக்குது."

மூன்றில் ஒன்று முதலாளியுடையது, ஒன்று அவர் மச்சானுடையது. நான் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம். மூன்று பேரில் நானும் உண்டு.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "ஏனுங்ண்ணா, ஒருக்கா பாத்துப்போட்டுச் சொல்லுங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வேலையைச் சந்தேகப்படுகிறாளே என்ற கோபம். "பாக்கறதுக்கு ஒன்னுமில்லீங்க, நானே போட்டது" என்றேன். ஃபோல்டர் இருந்த கணினி பக்கத்து அறையில்தான் இருந்தது. பத்தடி நடந்து போய்ப் பார்க்க எனக்குக் கௌரவம் இடம் தரவில்லை.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அந்த ஊர் மரியாதை அப்படி. இரண்டு வாரம் அவளுக்கு டிசைன் வேலை எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். பிறகு அவளே வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அவள் இடத்துக்கு வேறொரு ஆளை எடுத்தார்கள். அவருக்குப் புதுக் கணினி வாங்கி, அதையும் ஃபோல்டரோடு சேர்த்துவிட என்னைக் கூப்பிட்டார்கள். புதுக் கணினிக்கு நான்காவதாக ஒரு முகவரி கொடுத்தேன். விதியில் அதைச் சேர்க்க இனிமேல்தான் போக வேண்டும். கைப்பழக்கத்தில் ஃபோல்டரின் பெயரை அடித்து எண்டர் தட்டினேன்.

திறந்துகொண்டது.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. எழுந்து போய்ப் பில் போடுகிறவரின் கணினியில் அடித்துப் பார்த்தேன். திறந்தது. வாசலில் வருகிறவர்களின் பெயர் எழுதுகிற பெண்ணின் கணினியிலும் திறந்தது. 

கோப்புகள் இருந்த கணினியில் உட்கார்ந்து Get-NetFirewallRule அடித்து எல்லா விதிகளையும் வரவழைத்தேன். நான் எழுதிய விதி எழுதியபடியே இருந்தது. அதோடு, கோப்புப் பகிர்வை முதன்முதலில் இயக்கியபோது விண்டோஸ் தானாகவே திறந்துவிட்ட File and Printer Sharing என்ற விதிகளும் இருந்தன. அவற்றின் RemoteAddress எதுவென்று Get-NetFirewallAddressFilter கொண்டு பார்த்தேன். LocalSubnet. அதாவது, அதே நெட்வொர்க்கில் இருக்கிற எவரும் வரலாம். ஃபயர்வாலில் ஏதாவது ஒரு விதி அனுமதித்தால் போதும், ஆளை உள்ளே விட்டுவிடும். நான் மூன்று பேருக்கு மட்டும் என்று ஒரு புதுக் கதவு வைத்துவிட்டு, பக்கத்தில் ஊருக்கே திறந்து கிடந்த கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாஸ்வேர்டும் எல்லாருக்கும் ஒன்றே. முதல் நாளிலிருந்தே பதினெட்டு கணினியிலும் அந்த ஃபோல்டர் திறந்துதான் இருந்திருக்கிறது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. Set-NetFirewallRule கொண்டு அந்தக் குழு முழுவதற்கும் RemoteAddress-ஐ நான்கு முகவரிகளாக மாற்றினேன். பழைய மூன்று முகவரிகளும் இந்த விதிகளில் இல்லை என்பதால் நான்கையும் சேர்த்தே எழுதினேன். நான் போட்ட உபரி விதியை நீக்கினேன். பில் போடுகிறவரின் கணினிக்குப் போய் மறுபடி அடித்தேன். வெகுநேரம் சுற்றிவிட்டு, திறக்க முடியவில்லை என்றது. திறக்காததை நான் சோதித்தது அன்றுதான் முதல் முறை.

"புது சிஸ்டத்துல வருதுங்களா தம்பி?" என்று முதலாளி கேட்டார்.

"வருதுங்க" என்றேன். வேறு எதுவும் சொல்லாமல் பஸ் ஏறினேன். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக முதலில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது.

இரண்டு மாதம் அப்படியே இருந்தேன். வீட்டில் எரிந்து விழுந்தேன். கடைசியில் ஈரோட்டுக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார், இனி வராதே என்பார் என்று நினைத்தேன். அவரோ, "செரி உடுங்க தம்பி. இப்பப் பூட்டியாச்சுங்களல்ல?" என்றார். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "அது போயி எத்தன மாசமாச்சுங்க, இனிப் பேசி என்னத்துக்கு" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவள் எண் என்னிடம் இருந்தது. மறுநாள் மத்தியானம் கூப்பிட்டேன். இப்போது வெள்ளகோவிலில் புருஷன் வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். வேலைக்குப் போகவில்லையாம். எதற்குக் கூப்பிட்டேன் என்பதை விதி, முகவரி, போர்ட் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "அப்ப எல்லாரு சிஸ்டத்துலயும் தொறந்துச்சுங்களா?" என்றாள்.

"ஆமா அம்மணி. என்ற தப்புதான்."

 அவள் குரலை இறக்கிக்கொண்டு, "இத என்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்றீங்களாண்ணா? இங்கதான் இருக்கறாரு, போனக் குடுக்கறேன்" என்றாள். அவள் வீட்டுக்குள்ளும் இந்தப் பேச்சு போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருட்டுப் பட்டத்தை அவள் ஈரோட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனை வாங்கினார். அவருக்குக் கணினி பழக்கமில்லை. ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு சொல்லும் மிச்சமில்லை. "நாஞ் செரியாப் பூட்டலீங்க. அந்த ஆபீசுல ஆரு வேணும்னாலும் எடுத்திருக்கலாமுங்க. உங்க ஊட்டுக்காரம்மா மேல பழி போட்டது தப்புங்க" என்றேன்.

"அப்ப ஆருங்க எடுத்தது?"

"தெரியலீங்க. ஆரு தொறந்தாங்கன்னு பதிவாகற மாதிரி நான் எதும் போட்டு வெக்கலீங்க."

அவர் கோபமே இல்லாத குரலில், மரியாதையாகத்தான் கேட்டார். "ஆரு வேணும்னாலும் எடுத்திருக்கலாம்னா, இவளும் எடுத்திருக்கலாமுங்களே?"

"இல்லீங்க, அவங்க எடுத்திருக்க மாட்டாங்க" என்றேன்.

"அதெப்பிடிங்க நீங்க உறுதியாச் சொல்றீங்க?"

அவள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நாக்கு நுனிக்கு வந்த "பக்கா"வை விழுங்கிக்கொண்டேன். அவர் போனை அவளிடமே கொடுத்தார். "செரிங்ண்ணா, போன வெச்சர்றனுங்க" என்றாள் அவள்.