முந்தின பிளேனில் ஒரு இடம்

புளியங்கூடல் ஜெயரூபனைப் பற்றி யாராவது குறை சொல்லவேண்டுமென்றால், அவன் அக்கா சொல்லைத் தட்டமாட்டான் என்பதைத்தான் சொல்லவேண்டும். வேறு குறை கண்டுபிடிப்பது கஷ்டம். தாய் போனபிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் கோசலா. அப்படிப்பட்டவளின் சொல்லை நாற்பத்துநான்கு வயதிலும் தட்ட ஒருவனுக்கு மனம் வராது. அதைக் குறையென்று சொன்னால் சொல்பவருக்குத்தான் வெட்கம்.

அவன் கட்டாரில் பதினாறு வருடமாக ஒரு சாப்பாட்டுக் கொம்பனியின் குளிர்க்களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கொதிக்கிற ஊரில், உள்ளே தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு மீனையும் இறைச்சியையும் எண்ணுகிற வேலை. அந்த வேலைதான் தகப்பன் வல்லிபுரத்தின் தோட்டத்துக்குக் கிணறு வெட்டியது, பாதியில் நிற்கிற வீட்டுக்குச் சுவர் எழுப்பியது, இரண்டு பெண்பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பித்தது.

ஒரு மாத லீவில் வந்தவன்தான். வந்த இரண்டாம் கிழமை வல்லிபுரத்துக்குப் பாரிசவாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தூக்கிக் குளிப்பாட்ட வீட்டில் வேறு ஆம்பிளை இல்லை. மனைவி பவதாரணியும் அக்காவுமாகக் கிழவரைப் புரட்டி எடுக்கப்பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, சம்பளமில்லாத லீவுக்கு எழுதிப் போட்டான். கொம்பனியும் ஓம் என்றது. ஆனால் அந்த நாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வெளியே ஆறு மாதத்துக்கு மேல் நின்றால், அவனுடைய குடியிருப்பு அனுமதி செத்துவிடும். முன்கூட்டியே கொம்பனி மனுப் போட்டால் நீட்டலாம்தான். நாற்பது கடந்த ஒரு களஞ்சியக்காரனுக்காக யார் மனுப் போடப்போகிறார்கள்? பாதிச் சம்பளத்துக்கு இருபது வயதுப் பெடியன்கள் வரிசையில் நிற்கிறார்கள். அனுமதி செத்தால் வேலையும் செத்தது. அது ஜெயரூபனுக்கு வடிவாகத் தெரியும்.

தகப்பன் தடியூன்றி நாலடி வைக்கத் தொடங்கியதும் அவன் ஊர்காவற்றுறைக்குப் போய் ரிக்கற் போடுகிற நிலாந்தினியின் கடையில் குந்தினான். அந்த ஆறு மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நான்கு நாளும் இடமிருந்தது. கோசலா பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். ஒரு நாள் அட்டமி, மற்றது நவமி, அதற்கடுத்தது கரிநாள், நாலாவது நாளில் அவனுடைய நட்சத்திரத்துக்குச் சந்திராட்டமம். தகப்பன் விழுந்த வருடத்தில் கண்ட நாளில் பயணம் வெளிக்கிட விடமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் மிஞ்சியது கடைசி நாள்தான். ஞாயிற்றுக்கிழமை இரவுப் பிளேன். அன்றைக்கே நடுச்சாமத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கட்டாரின் தோகாவில் இறக்கிவிடும்.

நிலாந்தினிக்கு அது பிடிக்கவில்லை. அன்றைக்கு மாலையிலும் அதே கொம்பனியின் பிளேன் ஒன்று இருக்கிறது, அதில் போடட்டா என்று கேட்டாள். அது ஏறுகிற நேரம் ராகுகாலத்துக்குள் விழுகிறதென்று கோசலா போனிலேயே மறுத்துவிட்டாள்.

"அண்ணை, இது மலிவு ரிக்கற். பிறகு மாத்திறதெண்டால் மாத்துக்கூலியும் கட்டவேணும், அண்டைக்கு விக்கிற விலைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கட்டவேணும்," என்றாள் நிலாந்தினி. "சும்மா போய் நிண்டு, ஆக்கள் வராட்டில் ஏறுவம் எண்டு நினையாதேங்கோ. ஞாயிறு பிளேன் நிறைஞ்சுதான் போகும். ரெண்டு மூண்டு பேர் வராமல் விடுவினம். அந்த இடத்துக்கு உங்களுக்கு முன்னால பத்துப் பேர் நிப்பினம்."

ஜெயரூபன் சிரித்துக்கொண்டு, மாத்திற தேவை வராது பிள்ளை என்றான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு அவன் தன்னையே ஏசிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

சனிக்கிழமை பின்னேரம் நல்ல நேரத்தில் படியிறங்கி, இரவு பஸ்சில் கொழும்புக்கு வந்து, ஞாயிறு மத்தியானமே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காத்துக்கிடந்தான். கோசலா விட்ட பாடில்லை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்கு முன்னம் பெட்டியைக் கையைவிட்டுக் குடுத்திடு, பெட்டி போனால் பயணம் தொடங்கின மாதிரித்தான் என்று மூன்று தரம் போன் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. நல்ல நேரத்தில் வெளிக்கிட முடியாதவர்கள், பயணப் பையை அந்த நேரத்தில் அயல் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஆள் பிறகு போவது வழக்கம். கோசலாவுக்கு விமானக் கொம்பனி ஓர் அயல் வீடு, அவ்வளவுதான்.

கவுண்டர் திறந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தான். பெட்டி ஓடுகிற பட்டியில் ஏறி உள்ளே போனபோது நாலரைக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. குடுத்திட்டன் அக்கா என்றான். அவள் பிள்ளையாருக்கு நன்றி சொன்னது போனில் கேட்டது.

உள்ளே போகமுன் ஒரு தேத்தண்ணி குடிப்போமென்று திரும்பியவனின் போனில் செய்தி விழுந்தது. அவனுடைய பிளேன் நாலு மணித்தியாலம் தாமதம்.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விரல்விட்டு எண்ணினான். இரண்டாம் தரம் எண்ணினபோதுதான் விளங்கியது. தோகாவில் இறங்கும்போது திங்கள் விடியப்புறமாகியிருக்கும். அனுமதி நடுச்சாமத்தோடு முடிகிறது. தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு விமானக் கொம்பனியின் மேசைக்கு ஓடினான்.

மேசையிலிருந்த பெண் நல்லவள். கொழும்புத் தமிழில் பொறுமையாகப் பேசினாள். தாமதம் கொம்பனியின் பிழை, ஆகவே மாத்துக்கூலியும் இல்லை, விலை வித்தியாசமும் இல்லை, மாலையில் போகிற முந்தின பிளேனுக்குச் சும்மாவே மாற்றித் தருவோம் என்றாள். அவன் உயிர் திரும்பி வந்தது. ஆனால் இடமில்லை என்றாள். உயிர் மறுபடி போனது. மேல்வகுப்பும் நிறைந்துவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடலாம். கவுண்டர் பூட்டுகிற நேரத்தில் யார் வரவில்லையோ அவர்களுடைய இடம் பட்டியலின் வரிசைப்படி போகும். தோகாவில் அடுத்த பிளேனைத் தவறவிடப்போகிறவர்களுக்கு முதலிடம், அதன்பிறகு அவன், கொம்பனி ஊழியர்களின் சலுகைச் சீட்டில் போகிறவர்கள் எல்லோருக்கும் கடைசி.

அவன் அனுமதியின் கதையைச் சொன்னான். அதைக் கேட்டதும் அவளுடைய முகம் மாறியது. அப்படியானால் இரவுப் பிளேனிலும் உங்களை ஏற்றமுடியாது, நடுச்சாமத்துக்குப் பிறகு இறங்கினால் அங்கே திருப்பி அனுப்புவார்கள், எங்களுக்குத் தண்டம் விழும் என்றாள். வேறு கொம்பனிகளைத் தட்டிப் பார்த்தாள். எல்லாமே எங்கேயோ சுற்றிப்போய் அடுத்த நாள் இறங்குகிறவை. இனி முந்தின பிளேன் ஒன்றுதான்.

பட்டியலில் அவன் நாலாவது. முதல் இருவர் ஜேர்மனிக்குப் போகிற புருசன் பெண்சாதி. மூன்றாவது ஊர்காவற்றுறை மேரிஜோசப்பின், பாரிசில் இருக்கிற மகளிடம் போகிறவர். பேச்சிலேயே ஊர் தெரிந்துபோய், அவர் கதை கேட்டார், இவன் சொன்னான். அந்த மனுசியின் முன்னால் அழக்கூடாதென்று கூரையைப் பார்த்தான்.

"எத்தினை பேர் வரேல்லையாம்?" என்று மேரிஜோசப்பின் மேசைப் பெண்ணைக் கேட்டார்.

மூன்று பேர். அவள் பெயர்களை வாசிக்கத் தொடங்கினாள். ஜேர்மனிக்காரர் இருவரும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது ஒரே இடம், ஜெயரூபனுக்கு முன்னால் இன்னும் மேரிஜோசப்பின். ஒரே ஓர் ஆள் கூடுதலாக வராமல் விட்டிருக்கக்கூடாதா? யாரோ ஒருவருக்கு ரயர் காற்றுப் போயிருக்கக்கூடாதா? முன்பின் தெரியாத ஆட்களுக்கு இடைஞ்சல் வரவேண்டுமென்று அவன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடவுளைக் கேட்டான்.

மேரிஜோசப்பினின் பெயர் வந்தது. அவர் அசையவில்லை. "நான் இந்தப் பிளேனுக்கு வரேல்லை, பிள்ளை. நாளைக்குப் போட்டுத் தாரும்," என்றார். பிறகு இவனைப் பார்த்து, "என்ர மகள் ஒரு நாள் பாத்துக்கொண்டிருப்பாள் தம்பி. நீர் போம்," என்றார்.

அவன் கைகளைக் கூப்பினான். மேசைப் பெண்ணும் சிரித்துக்கொண்டே அவனுடைய சீட்டை வாங்கிக் கணினியில் அடித்தாள். அடித்த கை நின்றது.

"உங்க பெட்டிய ஏற்கனவே கொடுத்திட்டீங்களா?"

கொடுத்திட்டன் என்றான். மற்ற மூவரும் தாமதச் செய்தி வந்தபிறகு வந்தவர்கள், அவர்களுடைய பெட்டி அவர்களின் கையிலேயே இருந்தது. இவனுடையது இரவுப் பிளேன் பெயரில் உள்ளே போய்விட்டது. அதை வெளியே எடுக்காமல் ஆளை மாற்ற முடியாது. ஆள் ஒன்றிலும் பெட்டி ஒன்றிலும் போக விடமாட்டார்கள், அது பாதுகாப்புச் சட்டம். அவள் கீழே பெட்டி ஏற்றுகிற இடத்துக்கு போன் எடுத்தாள். தேடுகிறோம் என்றார்கள். மறுபடி எடுத்தாள். பரிசோதனை முடிந்த குவியலுக்குள் கிடக்கிறதாம், இன்னும் கைக்கு வரவில்லையாம்.

பெட்டி வேண்டாம், விட்டுவிடுங்கோ, எரியுங்கோ என்று ஜெயரூபன் கெஞ்சினான். அதற்குள் என்ன இருக்கிறது? பவதாரணி இடித்துக் கட்டின மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல், நாலு சேட்டு. அந்த நாலு சேட்டுக்காகப் பதினாறு வருடத்தைத் தொலைக்கவேண்டுமா? மேரிஜோசப்பினும் சேர்ந்து கெஞ்சினார். மேசைப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் சட்டம் அவளுடையதல்ல. மூன்றாம் தரமும் கீழே கூப்பிட்டுக் கத்தினாள். சுவர்க்கடிகாரம் பூட்டுகிற நேரத்தைக் கடந்தது. மேலதிகாரி வந்து, இனிப் பார்க்க ஏலாது என்று தலையசைத்துவிட்டுப் போனான்.

அந்த இடம் சும்மா போகவில்லை. இனிப் பெட்டி ஏற்ற நேரமில்லை, ஆகவே மேரிஜோசப்பினுக்கும் அது உதவாது. பட்டியலின் கடைசியில், ஊழியர் சலுகைச் சீட்டோடு, தோளில் ஒரு பை மட்டும் போட்டுக்கொண்டு நின்ற ஒருவனைக் கூப்பிட்டார்கள். அவன் தன் அதிர்ஷ்டத்தை நம்பமுடியாமல் ஓடினான்.

கால் மணித்தியாலம் கழித்து ஒரு தொழிலாளி பெட்டியைக் கொண்டுவந்து ஜெயரூபனின் காலடியில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கினான். மேசைப் பெண் இரவுப் பிளேனிலிருந்தும் அவனுடைய பெயரை எடுத்தாள். காசில் ஒரு பங்கு திரும்பி வருமென்று என்னவோ சொன்னாள். அவனுடைய காதில் ஏறவில்லை. மேரிஜோசப்பின் அவனைக் கதிரையில் இருத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தார். அவன் வெட்கம் பாராமல் அழுதான்.

போன் அடித்தது. கோசலா.

அவனுக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. அக்கா, உங்கட ராகுகாலம்தான் என்ர கழுத்தை அறுத்தது என்று கத்தவேண்டும்போல் இருந்தது. வாயும் திறந்துவிட்டது. ஆனால் அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழும்பி வந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை அவனுக்குத் தெரியும். இந்தச் சொல்லைக் கேட்டால் அவள் சாகும்வரைக்கும் அதைச் சுமப்பாள்.

"அக்கா, பிளேன் பிந்திப்போச்சு. மற்றதில இடம் கிடைக்கேல்லை. அனுமதி முடிஞ்சுது. நான் ஊருக்குத்தான் வாறன்," என்றான்.

அந்தப் பக்கம் கோசலா விக்கி விக்கி அழுதாள். அழுகையோடு கேட்டாள்.

"நாங்கள் ஒரு பிழையும் விடேல்லையே தம்பி? எல்லாம் நேரம் பாத்துத்தானே செய்தனாங்கள்?"

அவன் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான்.

"ஓம் அக்கா," என்றான். "எங்களிட்ட ஒரு பிழையும் இல்லை."