பிறை தெரிந்த பிறகு அனுப்பிய வாழ்த்து

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீலாவதி. ஃபியூஸ் கட்டைகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாய் ஓயாது, கையும் ஓயாது.

அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. மேனேஜர் பரக்கத்துல்லா மங்கலம்பேட்டைக்காரர். தீபாவளியன்று நோன்போடு இருந்தவர், நீலாவதியின் வீட்டார் நலம் கேட்டு அவள் செல்போனுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். பதிலுக்குத் தானும் நன்றாக வாழ்த்த வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கணக்குப் பிரிவு ராஜ்மோகன் யோசனை சொன்னான்.

"எனக்கு வந்த வாழ்த்து மெசேஜை அப்படியே தள்ளி வுடுக்கா. உன் தங்கச்சி வளைகாப்புக்கு லீவும் அதுலயே கேட்டுடு. நல்ல நாளு, மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

சொன்ன கையோடு அன்று பொழுது சாய்ந்ததும் அவன் தன் வாழ்த்தை அனுப்பியும் விட்டான். "இன்னும் பிறை தெரியல தம்பி, நாளைக்கும் நோன்புதான்" என்று பதில் வந்தது. அவன் அனுப்பியதன் அடியில், அவனுக்கு அதை அனுப்பிய வேப்பூர் செல்போன் கடைக்காரரின் பெயர் வேறு அப்படியே இருந்தது. நீலாவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் பிறை தெரிந்ததாக மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து சேதி வந்த பிறகுதான் அவள் போனை எடுத்தாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். முதலில், "நீங்கதான் எங்களுக்குத் தெய்வம் சார்" என்று வந்தது. படித்ததும் அவளுக்கே கூசியது. காக்கா பிடிக்கிற மாதிரி இருந்தது. அழித்தாள். லீவு விஷயத்தையும் அடித்துவிட்டு அழித்தாள். வாழ்த்துக்கு வாலாக ஒரு விண்ணப்பத்தைத் தொங்கவிட்டால் அப்புறம் அது வாழ்த்தா?

கடைசியில் அனுப்பியது இதுதான்: "சார், உங்களுக்கும் வூட்டம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் ரம்ஜான் வாழ்த்துகள். போன மாசம் சூளையில கட்டையெல்லாம் வெடிச்சதுக்கு எங்க மேல பழி வந்தப்ப, முதலாளி முன்னாடி எங்க பொண்ணுங்களை வுட்டுக் குடுக்காம பேசினீங்க. மறக்க மாட்டோம். நீலாவதி, பேக்கிங்."

பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க, அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிட்டதோ என்று குமைந்தாள்.

பண்டிகை முடிந்து கம்பெனிக்கு வந்த பரக்கத்துல்லா, பெரிய டிபன் கேரியரோடு நேரே பேக்கிங் பகுதிக்கே வந்துவிட்டார்.

"நீலாவதிம்மா, உங்க மெசேஜை வூட்டுல படிச்சுக் காட்டினேன். எங்க வூட்டம்மா நசீம் பானு கண்ணு கலங்கிட்டாங்க. 'நீங்க கம்பெனியில எப்படி இருப்பீங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது'ன்னு சொல்றாங்க. பதில் அடிக்கத் தோணல, நேர்லயே வந்துட்டேன். இது உங்க எல்லாருக்கும்."

கேரியரில் பிரியாணி. நீலாவதி வாயடைத்து நின்றதைப் பெண்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

லீவை அடுத்த திங்கட்கிழமை தனியாகப் போய்க் கேட்டாள்.

"ஒரு நாள்தான் தர முடியும், லோடு இருக்குது" என்றார் பரக்கத்துல்லா.

"அது போதும் சார்" என்றவள், தங்கச்சி ஊரான சேத்தியாத்தோப்புக்குப் போகிற முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கக் கிளம்பினாள்.